நுழைந்ததும் வெளியேறியதும்

110/11 கிலோவோல்ட், 16 எம்விஏ டிரான்ஸ்பார்மர். முழுச் சுமையில் 84 ஆம்பியர் நுழைகிறது, 840 வெளியேறுகிறது. இரண்டையும் ஒப்பிட்டு உட்பழுதைக் கண்டுபிடிப்பது ரிலேயின் வேலை. சி.டி.க்கள் 100/1, 800/1 என்றால் அதற்கு வருவது 0.84, 1.05. பழுதே இல்லை, கணக்கோ உதைக்கிறது! ஆகவே ரிலே இரண்டாவதை 0.8-ஆல் பெருக்கிக்கொள்கிறது.

அதுவும் போதாது. Dyn11 இணைப்பு மின்னோட்டத்தை 30 பாகை திருப்பிவிடும். திருத்தாவிட்டால் சுமையில் 52 சதவீதம் பொய் வித்தியாசமாகத் தெரியும். தவறுதலாக Dyn1 என்று பதிந்தால் விலகல் 60 பாகையாகி, வித்தியாசம் சுமைக்கே சமமாகும். ரிலே திரையில் அந்த எண்ணைப் பார்த்ததுமே பிழை பிடிபடும்.

டேப் மாறும்போதும், வெளியே ஷார்ட் சர்க்யூட் ஆகி சி.டி. திணறும்போதும் சிறு வித்தியாசம் எழவே செய்யும். அது ஓடும் மின்னோட்டத்தோடு வளர்வதால், வரம்பும் அதன் சதவீதமாகவே, உதாரணமாக 30 என, வைக்கப்படுகிறது. அதைத் தாண்டினால்தான் இருபக்க பிரேக்கர்களும் திறக்கும்.