கமலாவும் ராதாவும் ஒரே ஆளானது எப்படி?

ஜவுளிக்கடையின் வாடிக்கையாளர் பட்டியலில் இப்போது கமலாவுக்கும் ராதாவுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு பெயரும் ???? என்றுதான் வருகின்றன. மாலாவும் ராஜாவும்கூட அதே நான்கு கேள்விக்குறிதான். முருகன் மட்டும் ஏழு கேள்விக்குறி நீளத்துக்கு நிற்கிறார். நாளைக் காலையில் கடை முதலாளியிடம் போனில் பேசப்போவது நீங்கள். பெயரெல்லாம் எங்கே போயிற்று, திரும்பக் கிடைக்குமா என்று இரண்டே கேள்விதான் கேட்பார். நீங்கள் புரோகிராம் எழுதுகிறவர் இல்லை என்பதால் அடியிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அதன்படி எண்ணைச் சேமிக்கிறது. அந்தப் பட்டியலுக்குத்தான் கேரக்டர் செட் என்று பெயர். இன்று உலகமெங்கும் புழங்கும் பட்டியல் யூனிகோடு. அதில் தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த எண்களை டிஸ்க்கில் எழுதிவைக்கப் பெரும்பாலும் பயன்படுவது யூடிஎஃப்-8 என்ற முறை. அதன்படி ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ் எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட்.

இதற்கு முந்தைய பட்டியல்களில் ஒன்று, டேட்டாபேஸில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய `latin1`. எழுத்துக்கு ஒரே ஒரு பைட் என்பதால் மொத்தமே 256 இடம். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ் போன்ற மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு அது போதும். நாம் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் ஸ்வீடனில் பிறந்தது. அதனால் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, வேறெதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொண்டது இந்த `latin1`ஐத்தான். எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியின் பெயரே `latin1_swedish_ci`. ஸ்வீடனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எத்தனையோ தமிழ்நாட்டுக் கடைகளின் கணக்கு இன்னமும் அந்தப் பெயரின்கீழ்தான் கிடக்கிறது.

பழைய அச்சகத்தில் ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்துவைக்கும் பெட்டி இருக்குமே, அப்படி 256 அறைகள் கொண்ட பெட்டியாக `latin1`ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘க’வுக்கு அறையே கிடையாது. யூனிகோடில் வரும் ‘க’வை அந்தப் பெட்டிக்கு மாற்றச் சொன்னால், மாற்றித் தருகிற நிரலுக்கு இரண்டே வழி. ஒன்று, முடியாது என்று நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் எதையாவது போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். போடுவதற்கென்று வைத்திருக்கும் குறிதான் ‘?’. நம் பட்டியலில் நடந்தது இரண்டாவது வழி.

கேள்விக்குறிகளை எண்ணிப் பார்த்தால் இது உறுதியாகும். முருகன் என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்துதான். யூனிகோடோ மெய், உயிர்க்குறி, புள்ளி என்று தனித்தனியாக எண்ணும்: ம, உகரக்குறி, ர, உகரக்குறி, க, ன, புள்ளி. ஆக ஏழு. கமலாவில் க, ம, ல, துணைக்கால் என்று நான்கு. ராதாவில் ர, துணைக்கால், த, துணைக்கால், அதுவும் நான்கு. ஒவ்வொன்றுக்கும் தலா ஒரு கேள்விக்குறி. முதலெழுத்தை ஆங்கிலத்தில் கொடுத்திருந்தவர்களுக்கு அந்த எழுத்தும் அதன் புள்ளியும் அப்படியே நிற்கின்றன, ஏனென்றால் அவற்றுக்கு `latin1`இல் அறை உண்டு.

இனி, அன்றிரவு நடந்தது. பழைய சர்வரில் பெயர்கள் யூனிகோடில் ஒழுங்காக இருந்தன. புதிய சர்வரில் போட்டது 8.0. அதைப் போட்டபடியே விட்டிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. ஆனால் வேறொரு பழைய இயந்திரத்திலிருந்து ஒரு அமைப்புக் கோப்பை எடுத்து இதில் வைத்துவிட்டார்கள். அதில் இப்படி ஒரு வரி:

```
character-set-server=latin1
```

டேபிள்களைத் தனி ஸ்கிரிப்ட் போட்டு முன்கூட்டியே உருவாக்கினார்கள். அந்த ஸ்கிரிப்டில் கேரக்டர் செட் எதுவென்று சொல்லவில்லை. சொல்லாதபோது சர்வரின் அமைப்பில் இருப்பதுதான் வரும். ஆக எல்லா டேபிளும் `latin1` ஆயிற்று. அதன் பிறகு பழைய சர்வரிலிருந்து தகவலை மட்டும் ஒரு டம்ப் கோப்பாக எடுத்துவந்து இதில் கொட்டினார்கள்.

8.0 இப்படிப்பட்ட நேரத்தில் சும்மா இருக்காதே, பிழை காட்டி நிறுத்தியிருக்க வேண்டுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயம்தான். ஸ்ட்ரிக்ட் மோடு என்றொரு கட்டுப்பாடு அதில் இயல்பாகவே இயங்கும். டம்ப் கோப்பைத் திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள்:

```
/*!40101 SET @OLD_SQL_MODE=@@SQL_MODE,
SQL_MODE='NO_AUTO_VALUE_ON_ZERO' */;
```

டம்ப் எடுக்கிற கருவி தானாகவே எழுதிவைக்கும் வரி இது. பழைய தகவல் எதுவும் புதிய விதிகளில் மாட்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காக, கோப்பு ஏறி முடியும்வரை ஸ்ட்ரிக்ட் மோடை எடுத்துவிடுகிறது. அதனால் பிழையாக வர வேண்டியது வெறும் வார்னிங்காக வந்தது. இறக்குமதிக் கட்டளையில் தனியாகக் கேட்டால் ஒழிய அந்த வார்னிங்கையும் திரையில் காட்டாது. கேட்கவில்லை, காட்டவில்லை.

கவுன்ட்டரில் இருக்கும் பெண் நேற்று உங்களிடம் சொன்ன புகாருக்கும் காரணம் இதுவேதான். புதிய வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்தால் சேமிக்க மறுக்கிறது என்றாரே. அவர் திரையில் வந்தது இது:

```
Incorrect string value: '\xE0\xAE\x95\xE0\xAE\xAE...'
for column 'name' at row 1
```

பில் போடும் மென்பொருள் ஸ்ட்ரிக்ட் மோடில் இயங்குகிறது. அதனால் அது முதல் வழியை எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டது. அதே டேபிள், அதே பெயர். இரவில் ஏறியபோது சத்தமில்லாமல் அழித்தது, பகலில் சத்தம் போட்டு மறுக்கிறது. இரண்டையும் வேறு வேறு கோளாறு என்று நினைத்துத் தனித்தனிப் புகாராகப் பதிந்திருக்கிறோம். அவற்றை ஒன்றாக்கிவிடலாம்.

சரிபார்த்தார்களே, பிறகு எப்படித் தப்பியது? மொத்த வரிகளை எண்ணினார்கள், சரியாக இருந்தது. பாக்கித் தொகையைக் கூட்டினார்கள், அதுவும் பைசா பிசகவில்லை. பெயர்களின் எழுத்து எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்திருந்தாலும் சரியாகவே வந்திருக்கும். நான்கு எழுத்துக்குப் பதில் நான்கு கேள்விக்குறி வந்தால் `CHAR_LENGTH` ஒன்றுதானே. பைட் கணக்கைச் சொல்லும் `LENGTH`ஐக் கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும். கமலா பழைய சர்வரில் 12 பைட், புதியதில் 4. பார்வைக்கு எடுத்த முதல் சில வரிகளும் ஆங்கிலப் பெயர்களாக அமைந்துவிட்டன.

முதலாளியிடம் எதையாவது உறுதியாகச் சொல்வதற்கு முன், பெயர் உள்ளேயே அழிந்ததா அல்லது திரையில் மட்டும் தப்பாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். திரையை நம்பினால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் டேட்டாபேஸிலிருந்து திரைக்கு வரும் வழியிலும் இதே மாற்றம் நடக்கலாம். உள்ளே கிடக்கும் பைட்டுகளை எண்ணாகவே கேட்டால் இடையில் யாரும் மாற்ற முடியாது:

```
SELECT name, HEX(name) FROM customers LIMIT 20;
```

கமலாவுக்கு `E0AE95E0AEAEE0AEB2E0AEBE` என்று வந்தால் பெயர் பத்திரமாக இருக்கிறது, காட்டும் இடத்தில்தான் கோளாறு. நமக்கு வந்தது `3F3F3F3F`. 3F என்பது கேள்விக்குறியின் எண். அதாவது உள்ளே இருப்பதே நான்கு கேள்விக்குறிதான். அதிலிருந்து கமலாவை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது. ராதாவுக்கும் அதே `3F3F3F3F` என்றால் எதை எதுவாகத் திருப்புவது?

à®•à®®à®²à®¾ என்கிற மாதிரி கந்தலாக வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். பார்க்க இதைவிட அசிங்கமாக இருக்கும். ஆனால் அங்கே மூன்று பைட்டும் தொலையாமல் ஒவ்வொன்றும் ஓர் ஐரோப்பிய எழுத்தாகத் தவறாக வாசிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரே கட்டளையில் திருப்பிவிடலாம். அடுத்த முறை யாராவது தமிழ் உடைந்துவிட்டது என்று போன் செய்தால், கேள்விக்குறியா கந்தலா என்பதை முதலில் கேளுங்கள். சிகிச்சை வேறு வேறு.

இன்னொரு வேடிக்கை. அதே பட்டியலில் சில பழைய பெயர்கள் `fkyh` என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை இப்போது கெட்டவை அல்ல. யூனிகோடு வருவதற்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்தவை. உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேஷம். எழுத்துருவை மாட்டினால் கமலா என்று தெரியும். யாருக்கும் வேண்டாத அந்தப் பழைய முறையில் இருந்தவை ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டன, முறையாக யூனிகோடில் அடித்தவைதான் செத்துப்போயின.

இனி மீட்பு. டம்ப் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதற்குள் தமிழ் முழுதாக இருக்கிறது. அழிந்தது ஏற்றும்போதுதான், எடுக்கும்போது அல்ல. எடுக்கும்போதே அழிந்திருந்தால் பழைய சர்வர் ஒன்றையே நம்ப வேண்டியிருக்கும். ஆனால் டம்பை மறுபடி அப்படியே மேலே கொட்ட முடியாது. சர்வர் மாறிய பிறகு கடையில் வியாபாரம் நடந்திருக்கிறது. புதிய பில், புதிய பாக்கி எல்லாம் போய்விடும். ஆகவே `olddata` என்று தனி டேட்டாபேஸை `utf8mb4`இல் உருவாக்கி, பழைய சர்வரில் இருந்த அமைப்பிலேயே டேபிளையும் வைத்து, டம்பை அதில் ஏற்றுகிறோம். அதன் பிறகு:

```
ALTER TABLE customers CONVERT TO CHARACTER SET utf8mb4;

UPDATE customers c JOIN olddata.customers o ON o.id = c.id
SET c.name = o.name
WHERE c.name LIKE '%?%';
```

முதல் கட்டளை டேபிளைத் தமிழ் கொள்ளும்படி மாற்றுகிறது. அது மட்டும் போதாது, கேள்விக்குறிகள் கேள்விக்குறிகளாகவே இருக்கும். இரண்டாவதுதான் பெயரைக் கொண்டுவருகிறது. கடைசி வரி ஏன் என்றால், கவுன்ட்டரில் சில பெயர்களை அவர்களே ஆங்கிலத்தில் திருத்திவிட்டார்கள். அவை கடைக்காரர் தெரிந்து செய்தவை. கேட்காமல் அவற்றின் மேல் எழுத எனக்கு மனமில்லை. முகவரிக்கும் குறிப்புகளுக்கும் இதையே தனித்தனியாகச் செய்ய வேண்டும். அமைப்புக் கோப்பில் உள்ள வரியையும் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்து உருவாக்கும் டேட்டாபேஸிலும் இதே கதை.

ஆக முதலாளியிடம் தைரியமாகச் சொல்லலாம்: பழைய பெயர்கள் முழுதும் வரும், பில்லும் பாக்கியும் மாறாது. மறுக்கப்பட்ட புதிய பெயர்களைப் பற்றி மட்டும் எதுவும் உறுதி சொல்லாதீர்கள், அவை எங்கள் பக்கம் வந்து சேரவே இல்லை. கவுன்ட்டரில் நோட்டில் எழுதிவைத்திருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதெல்லாம் முடியும்வரை பழைய சர்வரை யாரும் அணைக்க வேண்டாம் என்று உள்ளே நான் சொல்லிவிட்டேன்.