11 சுற்று... ஒரே ஒரு வேண்டுதல்!

ஐதராபாத்தை ஒட்டி, உஸ்மான் சாகர் ஏரிப் பக்கத்தில் இருக்கிறது சில்கூர் பாலாஜி கோயில். ‘விசா பாலாஜி’ என்றால் ஊருக்கே தெரியும். இங்கே உண்டியல் கிடையாது. வி.ஐ.பி. வரிசையும் கிடையாது. வேண்டுதல் வைப்பவர்கள் 11 முறை சந்நிதியைச் சுற்றி வருவார்கள். நினைத்தது நிறைவேறினால், மறுபடி வந்து 108 சுற்று. எண்ணிக்கை தப்பாமலிருக்க, கட்டம் போட்ட அட்டையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக் அடித்துக்கொண்டே நடப்பார்கள்.

அதிகாலைக் கூட்டத்தில் அந்த 28 வயது இளைஞரும் நடந்துகொண்டிருந்தார். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ஐதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை. மறுநாள் காலை, நானக்ராம்குடாவில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஹெச்-1பி விசாவுக்கான நேர்காணல். கைரேகையும் புகைப்படமும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மீதி இருப்பது கண்ணாடி கவுன்ட்டர் முன்னால் நின்று பேசப்போகும் சில நிமிடங்கள்தான்.

அந்தச் சில நிமிடங்களை நினைத்துத்தான் இரண்டு நாளாக அவருக்குத் தூக்கமில்லை. காரணம், எட்டு மாதம்.

மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய், எட்டு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அப்பா கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த பிறகுதான் அடுத்த வேலையில் சேர்ந்தார். விசாவுக்கான டி.எஸ்.-160 படிவத்தில், கடந்த ஐந்து வருடங்களில் எங்கெங்கே வேலை பார்த்தோம், எந்தத் தேதியில் சேர்ந்தோம், எந்தத் தேதியில் விலகினோம் என்று கேட்கிறார்கள். இரண்டு வேலைக்கும் நடுவே அந்த எட்டு மாதம் பளிச்சென்று தெரிந்தது.

“டேய், கேப்பைக் காட்டாதடா. பழைய கம்பெனி தேதியைக் கொஞ்சம் நீட்டிப் போடு. யாரு பார்க்கப் போறா?” என்றார் அறை நண்பர்.

பார்ப்பார்கள் என்பதுதான் சிக்கல். அமெரிக்கக் கம்பெனி அந்த நாட்டுக் குடியேற்றத் துறையிடம் கொடுத்த மனுவில் அவருடைய அனுபவச் சான்றிதழ்கள் இருக்கின்றன. படிவத்தில் ஒரு தேதியும் சான்றிதழில் இன்னொரு தேதியும் இருந்தால் சந்தேகம் வரும். வேண்டுமென்றே பொய் சொல்லி விசா கேட்டதாக அதிகாரி முடிவுசெய்தால், அது அந்த ஒரு விசாவோடு போகாது. அமெரிக்கச் சட்டப்படி அது வாழ்நாள் தடையாகவே மாறலாம். ஆனால், வேலையில் இடைவெளி இருப்பது குற்றமில்லை. காரணம் கேட்டால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவர் உள்ளதை உள்ளபடியே நிரப்பி அனுப்பினார். ஆனாலும், ‘தப்புப் பண்ணிட்டோமோ?’ என்ற பயம் மட்டும் போகவில்லை.

முதல் மூன்று சுற்றுகளில் ‘விசா கிடைக்கணும், விசா கிடைக்கணும்’ என்றே மனசு அடித்துக்கொண்டது. ஐந்தாவது சுற்றில், டிக் அடித்தோமா இல்லையா என்பதே மறந்துபோனது. நின்று, அட்டையைப் பார்த்து, மறுபடி நடந்தார். அதன் பிறகு எண்ணிக்கையில் கவனம் வைக்கவைக்க, படபடப்பு குறைந்தது. கடைசிச் சுற்று முடிந்து கை கூப்பியபோது, வேண்டுதலே மாறிவிட்டிருந்தது.

“பெருமாளே, கவுன்ட்டர்ல என்ன கேட்டாலும் உண்மையைத் தடுமாறாம சொல்ற தைரியத்தைக் கொடு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல வை. அப்பாவோட இருந்த எட்டு மாசத்துக்காக நான் வெட்கப்பட வேண்டாம். மத்ததை நீ பார்த்துக்கோ.”

மற்றது என்பதில் பல விஷயங்கள் உண்டு. பாஸ்போர்ட்டை அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டு ‘அப்ரூவ்டு’ என்றால் மகிழ்ச்சி. ‘221-ஜி’ என்ற சீட்டைக் கொடுத்தால், கூடுதல் ஆவணமோ கூடுதல் விசாரணையோ தேவை என்று அர்த்தம். அது சில நாட்களிலும் முடியலாம், மாதக்கணக்கிலும் இழுக்கலாம். அதை இவர் எவ்வளவு தயாரானாலும் தடுக்க முடியாது. இவர் கையில் இருப்பது, கேட்ட கேள்விக்குச் சுருக்கமாக, நேராகப் பதில் சொல்வது மட்டும்தான்.

அன்று இரவு, உள்ளே செல்போனுக்கு அனுமதியில்லை என்பதால் எல்லாவற்றையும் தாளிலேயே எடுத்துவைத்தார். பழைய, புதிய பாஸ்போர்ட்டுகள், டி.எஸ்.-160 உறுதிச்சீட்டு, மனு ஏற்கப்பட்டதற்கான ஐ-797 நகல், அனுபவச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ஃபைலில். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசியில் இருந்தது. கேட்டால் மட்டும் காட்டலாம்.

அம்மா போனில் கேட்டார்: “விசா கிடைக்கணும்னு நல்லா வேண்டிக்கிட்டியாப்பா?”

“இல்லம்மா, உளறாம பேசணும்னு வேண்டிக்கிட்டேன்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்பாகிட்ட குடுக்கறேன், பேசு” என்றார் அம்மா. அவர் போனைக் கொண்டுபோவதற்குள், தரையில் கைத்தடி ஊன்றும் சத்தம் நெருங்கி வந்தது.