ஒரு கன்ட்ரோலர், மூன்று கருவிகள், இரண்டே நினைவிடங்கள்

கூடத்தில் எக்ஸ்பாக்ஸ், அறையில் கம்ப்யூட்டர், கையில் போன். மூன்றிலும் விளையாட ஒரே கன்ட்ரோலர் போதுமா? போதும். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் கன்சோல்களோடு 2020 நவம்பரில் வந்த கன்ட்ரோலர் மூன்றோடும் சேரும். ஆனால் அது எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதை மறக்கிறது என்பது தெரியாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து இணைக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கன்ட்ரோலருக்குள் இரண்டு வயர்லெஸ் வழிகள் இருக்கின்றன. ஒன்று மைக்ரோசாஃப்ட்டின் சொந்த எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ், மற்றது புளூடூத். கன்சோல் முதல் வழியில் மட்டும்தான் கன்ட்ரோலரை ஏற்கும். போனுக்குப் புளூடூத் மட்டுமே தெரியும். கம்ப்யூட்டரையும் பெரும்பாலோர் புளூடூத்தில்தான் இணைக்கிறார்கள். கன்ட்ரோலரோ ஒவ்வொரு வழிக்கும் ஒரே ஒரு கருவியைத்தான் நினைவில் வைத்திருக்கும். கருவிகள் மூன்று, இடம் இரண்டு. பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

காலையில் கம்ப்யூட்டரோடு புளூடூத்தில் இணைக்கிறீர்கள், நன்றாக ஓடுகிறது. மாலையில் போனோடு இணைக்கிறீர்கள், அதுவும் ஓடுகிறது. மறுநாள் கம்ப்யூட்டருக்குத் திரும்பினால் கன்ட்ரோலர் விளக்கு சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. கம்ப்யூட்டரின் பட்டியலிலோ Xbox Wireless Controller என்ற பெயரும் அதன் கீழே Paired என்ற சொல்லும் அப்படியே இருக்கின்றன. கன்ட்ரோலர் பழுதாகிவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். உண்மையில் பழுது எதுவும் இல்லை. கம்ப்யூட்டரின் இடத்தில் போன் வந்து உட்கார்ந்துவிட்டது, அந்தச் செய்தி கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பட்டியலிலிருந்து அந்தப் பெயரை Remove device கொடுத்து நீக்கிவிட்டு மறுபடி இணைத்தால் சரியாகிவிடும். ஆனால் அப்போது போன் தன் இடத்தை இழக்கும்.

இதற்கு நான் சொல்லும் தீர்வு எளிது: கம்ப்யூட்டருக்குக் கேபிள், போனுக்குப் புளூடூத், கன்சோலுக்கு எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ். யூஎஸ்பி-சி கேபிளைச் செருகினால் விண்டோஸ் தானாகவே கன்ட்ரோலரை அடையாளம் கண்டுகொள்ளும், இணைப்புச் சடங்கு எதுவும் கிடையாது. கன்ட்ரோலரில் செருகும் ஹெட்போன் கேபிளில் வேலை செய்யும், புளூடூத்தில் வேலை செய்யாது என்பது கூடுதல் காரணம். கேபிள் மட்டும் டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் மலிவான கேபிளில் கரண்ட் வரும், கம்ப்யூட்டருக்குக் கன்ட்ரோலர் தெரியாது. விண்டோஸ் விசையோடு R அழுத்தி, வரும் பெட்டியில் கீழ்க்கண்டதைத் தட்டினால் இணைந்திருக்கும் கன்ட்ரோலர்களின் பட்டியல் திறக்கும். அதில் பெயர் வராவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

```
joy.cpl
```

கம்ப்யூட்டருக்கென்று மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு வயர்லெஸ் அடாப்டரும் விற்கிறது. நல்ல கருவிதான், ஆனால் அது எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் வழியைப் பயன்படுத்துவதால் கன்சோலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்று கருவிக்காரர்களுக்கு அதனால் பயன் குறைவு.

இணைக்கும் முன் கன்ட்ரோலரைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு சேர்த்து, Xbox Accessories செயலியில் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். பிறகு கன்சோல். அதன் முன்பக்கம் இருக்கும் சிறிய இணைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, 20 நொடிக்குள் கன்ட்ரோலரின் மேல் விளிம்பில் யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவிலுள்ள எக்ஸ்பாக்ஸ் விளக்கு வேகமாகச் சிமிட்டி, பிறகு நிலையாக எரிந்தால் இணைந்துவிட்டது. அடுத்தது போன். அதே பொத்தானை மூன்று நொடி பிடித்து, விளக்கு வேகமாகச் சிமிட்டும்போது போனின் புளூடூத் பட்டியலில் கன்ட்ரோலரின் பெயரைத் தொடுங்கள். ஐபோன் என்றால் ஐஓஎஸ் 14.5 அல்லது அதற்குப் பிந்தையது தேவை.

இதற்குப் பிறகு அந்தப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் புது இணைப்புக்குத் தயாராகிவிடும். கன்சோலிலிருந்து போனுக்கோ, போனிலிருந்து கன்சோலுக்கோ மாற அதை இரண்டு முறை விரைவாகத் தட்டினால் போதும்.

போனில் இன்னொன்று. ஆண்ட்ராய்டின் முகப்புத் திரையில் கன்ட்ரோலரால் நகர முடிகிறது, விளையாட்டுக்குள் போனால் எந்தப் பொத்தானும் எடுபடவில்லை என்றால் இணைப்பில் குறையில்லை. அந்த விளையாட்டு கன்ட்ரோலரை ஏற்பதில்லை. கால் ஆஃப் டியூட்டி மொபைல் ஏற்கும். தொடுதிரைக்கென்றே செய்த பல விளையாட்டுகள் ஏற்பதில்லை.

இனி வேறு நிறுவனங்களின் கன்ட்ரோலர்கள். பாதி விலை, கூடுதல் பொத்தான்கள், பார்க்க அச்சு அசலாக எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் போலவே இருக்கும். ஆனால் கன்சோல் தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவியிடமும் உரிமம் பெற்றதற்கான மின்னணுச் சான்றைக் கேட்கிறது. கம்ப்யூட்டர் அப்படிக் கேட்பதில்லை. பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் போல நடந்துகொள்ளும் எதையும் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். பெட்டியில் இருக்கும் X-Input என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. அது கம்ப்யூட்டருக்கான உறுதி மட்டுமே, கன்சோலுக்கானது அல்ல. கன்சோலுக்கு வேண்டியது Designed for Xbox என்ற முத்திரை.

முத்திரை இருந்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. உரிமம் பெற்ற பல கன்ட்ரோலர்கள் கேபிளோடு மட்டும்தான் கன்சோலில் ஓடும். கேம்சர் ஜி7 எஸ்இ அப்படிப்பட்டது: கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நன்றாகப் பொருந்தும், ஆனால் அதில் புளூடூத் இல்லை. 8பிட்டோ நிறுவனம் அல்டிமேட் என்ற ஒரே பெயரில் பல வகைகளை விற்கிறது. புளூடூத் வகை நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் கம்ப்யூட்டருக்குமானது, எக்ஸ்பாக்ஸுக்கான கேபிள் வகை வேறு. பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போடுபவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

பழைய கன்ட்ரோலரை வாங்குவோர் படத்தில் ஒன்றைக் கவனிக்கலாம். 2016க்கு முந்தைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்களில் புளூடூத் கிடையாது. அவற்றில் எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றியுள்ள பகுதி, மேலே விரல் படும் பம்பர்களோடு சேர்ந்த பளபளப்பான தனித் துண்டாக இருக்கும். புளூடூத் உள்ளவற்றில் அந்தப் பகுதி முன்பக்க மேல்மூடியோடு ஒரே பரப்பாகத் தெரியும்.

எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதலில் கன்சோலில் செருகிப் பாருங்கள். போனும் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் எதையும் ஏற்றுக்கொள்வதால் அவற்றில் சோதிப்பது எதையும் நிரூபிக்காது. 2023 நவம்பரிலிருந்து மைக்ரோசாஃப்ட் உரிமமற்ற கருவிகளைக் கன்சோலில் தடுத்து வருகிறது. அப்படிப்பட்டதைச் செருகினால் முதலில் 0x82d60003 என்ற எண்ணோடு எச்சரிக்கை வரும். அதன் பிறகும் இரண்டு வாரம் கன்ட்ரோலர் வழக்கம்போல ஓடும், அடுத்து 0x82d60002 வந்து நின்றுவிடும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு வாரம்தான் தருகிறார் என்றால், இது ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த அவகாசம் தீர்ந்துவிடும். அதனால் முதல் எண்ணைப் பார்த்த அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.