மூலையில் எவ்வளவு வெட்டினால் பெட்டி அதிகம் கொள்ளும்?

45 செ.மீ. நீளமும் 24 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தகரத் தகடு இருக்கிறது. அதன் நான்கு மூலைகளிலும் ஒரே அளவுள்ள சதுரங்களை வெட்டி எடுத்துவிடுகிறோம். நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு பட்டைகளையும் மேல்நோக்கி மடக்கி, மூலைகளைப் பற்றவைத்தால் மூடியில்லாத பெட்டி ஒன்று கிடைக்கும். அந்தப் பெட்டி மிக அதிகமாகக் கொள்ள வேண்டுமானால், வெட்டும் சதுரத்தின் பக்கம் எத்தனை செ.மீ. இருக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதம் படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. சூத்திரம் எழுதி, வகையிட்டு, பூச்சியத்துக்குச் சமப்படுத்தி, 5 செ.மீ. என்று விடை கண்டு, மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். ஆனால் ஏன் 5? அந்த அளவில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? இதைக் கேட்காமலே பலர் கணக்கைக் கடந்து போய்விடுகிறார்கள். கேட்டுப் பார்த்தால், வகையிடல் என்பது எதை அளக்கிறது என்பதே இந்தத் தகரப் பெட்டியில் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் சில அளவுகளை வெட்டிப் பார்ப்போம். 1 செ.மீ. மட்டும் வெட்டினால், தாம்பாளம் போல அகன்ற, ஆழமே இல்லாத பெட்டி வரும். அடிப்பகுதி 43-க்கு 22, உயரம் 1. கொள்ளளவு 946 கன செ.மீ. ஆழம் வேண்டும் என்று 10 செ.மீ. வெட்டினால், அடிப்பகுதி 25-க்கு 4 என்று ஒடுங்கிவிடும். உயரம் 10 இருந்தும் கொள்ளளவு 1000-தான். 12 செ.மீ. வெட்டினால் அகலம் முழுவதும் தீர்ந்துபோய், பெட்டியே இல்லாமல் போகும். ஆழம் கூடினால் அகலம் குறைகிறது, அகலத்தைக் காப்பாற்றினால் ஆழம் கிடைப்பதில்லை. நமக்கு வேண்டிய அளவு பூச்சியத்துக்கும் 12-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இப்போது ஒரு குறிப்பிட்ட பெட்டியை அருகில் வைத்துப் பார்ப்போம். 2 செ.மீ. வெட்டிச் செய்த பெட்டி அது. அடிப்பகுதி 41-க்கு 20, அதாவது 820 சதுர செ.மீ. கொள்ளளவு 1640 கன செ.மீ. இதே தகட்டில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இரண்டு மாற்றங்கள் நடக்கும். உயரம் ஒரு மில்லிமீட்டர் ஏறும். அதனால் பெட்டியின் மேல், அடிப்பகுதியின் பரப்பளவுக்கு ஒரு மெல்லிய அடுக்கு கூடுதலாகக் கிடைக்கும். 820-ஐ 0.1-ஆல் பெருக்கினால் அந்த வரவு 82 கன செ.மீ. அதே நேரத்தில் நான்கு சுவர்களும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். ஒவ்வொரு சுவரை ஒட்டியும் அந்தச் சுவரின் பரப்பளவுக்கு ஒரு மெல்லிய அடுக்கு பறிபோகும். நான்கு சுவர்களின் மொத்தப் பரப்பு எவ்வளவு? அடிப்பகுதியின் சுற்றளவு 122, உயரம் 2, ஆக 244 சதுர செ.மீ. எனவே இழப்பு சுமார் 24 கன செ.மீ. வரவு 82, செலவு 24. இந்தப் பெட்டியை இன்னும் ஆழமாக்குவது லாபம்தான்.

8 செ.மீ. வெட்டிய பெட்டியில் நிலைமை தலைகீழ். அடிப்பகுதி 29-க்கு 8, பரப்பு 232. சுவர்களின் பரப்போ 592. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டினால் வரவு 23, செலவு 59. இங்கே ஆழமாக்குவது நஷ்டம்.

அப்படியானால் லாபம் நின்று நஷ்டம் தொடங்கும் இடம் எது? வரவும் செலவும் சமமாகும் இடம்தான். அதாவது, அடிப்பகுதியின் பரப்பும் நான்கு சுவர்களின் மொத்தப் பரப்பும் சமமாகும் இடம். 5 செ.மீ. வெட்டிப் பாருங்கள். அடிப்பகுதி 35-க்கு 14, பரப்பு 490. சுற்றளவு 98, உயரம் 5, சுவர்களின் பரப்பும் 490. கொள்ளளவு 2450 கன செ.மீ. இந்த முறையில் இந்தத் தகட்டிலிருந்து இதைவிடப் பெரிய பெட்டி செய்ய முடியாது.

இதையே நுண்கணிதம் தன் மொழியில் சொல்கிறது. வெட்டும் பக்கம் x என்றால், கொள்ளளவு:

V = x(45 − 2x)(24 − 2x) = 4x³ − 138x² + 1080x

வகையிட்டால்:

V′ = 12x² − 276x + 1080 = 12(x − 5)(x − 18)

வகைக்கெழு என்பது, x சற்றே கூடும்போது கொள்ளளவு எந்த வேகத்தில் மாறுகிறது என்பதன் அளவு. நாம் கையால் போட்ட வரவு செலவுக் கணக்கும் அதுதான். அடிப்பகுதியின் பரப்பு (45 − 2x)(24 − 2x). சுவர்களின் பரப்பு 2x(69 − 4x). முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துப் பாருங்கள், அச்சு அசலாக அதே 12x² − 276x + 1080 வந்து நிற்கும். வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துகிறோம் என்றால், அடியையும் சுவரையும் சமப்படுத்துகிறோம் என்றே பொருள்.

அந்தச் சமன்பாடு 5, 18 என்று இரண்டு விடைகள் தருகிறது. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். 24 செ.மீ. அகலத் தகட்டில் இரு புறமும் 18 செ.மீ. எப்படி வெட்டுவது? சூத்திரத்தில் 18-ஐப் போட்டால் அகலம் −12 என்றும், கொள்ளளவு −1944 என்றும் வரும். சமன்பாட்டுக்குத் தகரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. x பூச்சியத்துக்கும் 12-க்கும் இடையில்தான் இருக்க முடியும் என்ற எல்லையை நாம்தான் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த எல்லையின் இரு முனைகளிலும் கொள்ளளவு பூச்சியம், நடுவில் மிகை எண். நடுவே வகைக்கெழு பூச்சியமாகும் இடம் ஒன்றே ஒன்று. ஆகவே அது பெருமமாகத்தான் இருக்க முடியும். இரண்டாம் வகைக்கெழு 24x − 276 என்பது x = 5-இல் −156 என்று குறை எண்ணாக வருவது இதை உறுதி செய்கிறது.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கும். சதுரத் தகடாக இருந்தால், பக்கத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்ட வேண்டும் என்பது விதி. 18 செ.மீ. சதுரத்தில் 3 செ.மீ. வெட்டினால் 432 கன செ.மீ. கிடைக்கும், அதுவே பெருமம். இந்த விதியைச் செவ்வகத் தகட்டுக்கும் பயன்படுத்தி, 24-இல் ஆறில் ஒரு பங்கு 4 என்று வெட்டினால் 2368 கன செ.மீ.தான் வரும். 82 கன செ.மீ. குறைவு. தகடு நீள நீள, சரியான வெட்டு ஆறில் ஒரு பங்கிலிருந்து மெல்ல ஏறி, குறுகிய பக்கத்தின் நான்கில் ஒரு பங்கை நெருங்கும். அதைத் தாண்டாது. நம் தகட்டில் இந்த எல்லைகள் 4, 6. விடை 5 அவற்றுக்கு நடுவில் இருக்கிறது. கணக்குப் போட்டு வந்த விடை ஆறில் ஒன்றுக்கும் நான்கில் ஒன்றுக்கும் வெளியே விழுந்தால், எங்கோ பிழை என்று உடனே கண்டுகொள்ளலாம்.

தகரம் வெட்டும் கை கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்? 5 செ.மீ.க்குப் பதில் 5.1 செ.மீ. வெட்டிவிட்டால் கொள்ளளவு 2449.2. ஒரு கன செ.மீ. கூடக் குறையவில்லை. 4.9 வெட்டினாலும் அதே 2449.2. ஆனால் 2 செ.மீ. வெட்டிய பெட்டியில் இதே ஒரு மில்லிமீட்டர் 56 கன செ.மீ. வித்தியாசத்தைக் கொண்டுவரும். பெருமத்தின் அருகே வரவும் செலவும் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்வதால், சிறு பிழைகள் உறைப்பதில்லை.

இதை முதலில் தெளிவாகக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் வானியல் அறிஞர் ஜோகன்னஸ் கெப்ளர். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வாழ்ந்த அவர் 1613-இல் மறுமணம் செய்துகொண்டபோது, வீட்டுக்குத் திராட்சை மது பீப்பாய்கள் வந்தன. வியாபாரி பீப்பாயின் துளை வழியே ஒரு கோலைச் சாய்வாக நுழைத்து, அது நனைந்த நீளத்தைப் பார்த்தே கொள்ளளவைச் சொன்னார். இது எப்படிச் சரியாகும் என்று ஆராய்ந்த கெப்ளர், 1615-இல் பீப்பாய்களின் கன அளவு பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பெருமத்தின் இரு புறமும் தொடக்கத்தில் குறைவு மிகச் சிறிதாகவே இருக்கிறது என்று அதில் குறித்தார். ஆகவே ஆஸ்திரியப் பீப்பாய்களின் வடிவம் சற்று மாறினாலும் அளவு பெரிதாகத் தவறாது. பின்னால் பிரான்சின் பியர் தெ ஃபெர்மா பெருமம், சிறுமம் காணும் முறையை வகுத்தார். நியூட்டனும் லைப்னிட்சும் வருவதற்கு முன்பே நடந்தவை இவை.

2450 என்ற விடையின் வரம்பையும் சொல்லியாக வேண்டும். மூலைகளை வெட்டி எறிந்து, மடக்கிச் செய்யும் பெட்டிகளுக்குள் மட்டுமே அது பெருமம். எறிந்த நான்கு துண்டுகளில் 100 சதுர செ.மீ. தகரம் வீணாகிறது. தகட்டின் மொத்தப் பரப்பான 1080 சதுர செ.மீ.யையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டவைத்துப் பயன்படுத்தலாம் என்றால், சதுர அடியும் அதன் பக்கத்தில் பாதி உயரமும் உள்ள பெட்டிதான் சிறந்தது. அது ஏறத்தாழ 3415 கன செ.மீ. கொள்ளும். அங்கே சுவர்களின் பரப்பு அடிப்பகுதியைப் போல இரு மடங்கு. நிபந்தனை மாறினால் சமன்பாடு மாறும், விடையும் மாறும்.

வீட்டில் ஒரு ஏ4 தாள் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். 29.7-க்கு 21 செ.மீ. தாளில் சரியான வெட்டு 4.04 செ.மீ. வெறும் 4 செ.மீ. வெட்டினாலே போதும். அடிப்பகுதி 282, சுவர்கள் 278 சதுர செ.மீ. என்று கிட்டத்தட்டச் சமமாக வரும். மடக்கி ஒட்டி அரிசி கொட்டிப் பாருங்கள்: அந்த ஒற்றைத் தாள் 1128 கன செ.மீ., அதாவது ஒரு லிட்டருக்கும் மேலே கொள்ளும்.