தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் எந்தப் படம்?

ஊக்கமூட்டும் படங்கள் என்று பெயரெடுத்தவற்றில் பெரும்பாலானவை தேர்வுக்கு ஓராண்டு முன்னால் பார்க்க வேண்டியவை. ஒரு வாரமே மிச்சமிருக்கும்போது அதே படம் மாணவரைத் தூக்கி நிறுத்துவதற்குப் பதிலாக உட்கார வைத்துவிடலாம்.

இதற்கு உளவியலில் ஓர் அடிப்படை இருக்கிறது. பெனலோப் லாக்வுட், ஸீவா குந்தா என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், கணக்கியல் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு செய்திக் குறிப்பைக் கொடுத்தார்கள். அதே துறையில் பிரமாதமாகச் சாதித்த ஓர் இறுதியாண்டு மாணவரைப் பற்றிய குறிப்பு அது. படித்த முதலாண்டு மாணவர்களுக்கு உற்சாகம் பிறந்தது, தங்களைப் பற்றிய மதிப்பும் கூடியது. இறுதியாண்டு மாணவர்களிடம் அந்த விளைவு இல்லை. முதலாண்டுக்காரருக்கு அந்தச் சாதனையை எட்ட இன்னும் காலம் இருக்கிறது. இறுதியாண்டுக்காரருக்கு அது கைநழுவிப் போன ஒன்று.

ஒரு வாரத்தில் தேர்வு எழுதப் போகிறவரும் அந்த இறுதியாண்டு மாணவரைப் போன்றவர்தான். விது வினோத் சோப்ரா இயக்கிய ‘ட்வெல்த் ஃபெயில்’ (2023) படத்தில் நாயகன் மனோஜ் மாவு மில்லில் நாள் முழுக்க உழைத்து, மிச்ச நேரத்தில் படிக்கிறான். அடுத்த ஆண்டு தேர்வெழுதப் போகிறவருக்கு அந்தக் காட்சிகள் அருமையான தூண்டுதல். அடுத்த திங்கட்கிழமை தேர்வு இருப்பவருக்கோ, ‘நாமும் இப்படிப் படித்திருக்க வேண்டும்’ என்ற குத்தல்தான் மிஞ்சும். அந்த வருத்தத்தைச் சரிசெய்ய அவர் கையில் நேரமில்லை.

ஆகவே படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, நாயகன் எதனால் ஜெயிக்கிறான் என்பது. நெடுங்கால உழைப்பால் மட்டுமே என்றால், அந்தப் படம் தேர்வு முடிந்த பிறகு பார்ப்பதற்கு. கடைசி நேரத்தில் பதறாமல் இருந்ததால், தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னதால், வேண்டிய இடத்துக்கு எப்படியோ போய் நின்றதால் என்றால், அது இந்த வாரத்துக்கு உகந்தது. இவையெல்லாம் ஒரு வாரத்துக்குள்ளும் செய்யக்கூடியவை.

கௌரி ஷிண்டேயின் ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ (2012) இதற்கு நல்ல உதாரணம், அதிலும் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு. ஸ்ரீதேவி நடித்த சசி, நியூயார்க்கில் நான்கு வார ஆங்கில வகுப்பில் சேர்கிறாள். கடைசித் தேர்வு நாளன்று, திருமணத்துக்குச் செய்த லட்டுகள் வீணாகிவிட, மறுபடி செய்ய உட்கார்ந்து தேர்வையே தவறவிடுகிறாள். பிறகு திருமண வீட்டில் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த எளிய சொற்களை வைத்து, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் பேசுகிறாள். பிரமாதமான ஆங்கிலம் என்று அதைச் சொல்ல முடியாது. நேர்காணல் அறைக்கு வெளியே காத்திருப்பவருக்கு அதுதான் ஆறுதல்: எட்டாத உயரம் எதையும் படம் காட்டவில்லை. இந்தப் படம் தமிழிலும் வெளிவந்தது.

இந்தக் கேள்விக்கு முன்பே விலக்க வேண்டிய சில படங்கள் உண்டு. ‘நண்பன்’ (2012) பல வீடுகளில் தேர்வுக்கால ‘ரிலாக்ஸ்’ படமாக ஓடுகிறது. நகைச்சுவைதான் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது; கல்லூரி நெருக்கடியால் ஒரு மாணவன் தூக்கில் தொங்குவதும், இன்னொருவன் மாடியிலிருந்து குதிப்பதும் மறந்துபோகின்றன. இந்தியில் வந்த ‘சிச்சோரே’யின் (2019) கதை, நுழைவுத் தேர்வில் தேறாத பையன் உயிரை விட முயல்வதிலிருந்துதான் கிளம்புகிறது. தோல்வி ஒன்றும் முடிவல்ல என்பதே அந்தப் படம் சொல்லவரும் செய்தி. ஆனால் பதற்றத்தில் இருக்கும் பிள்ளையின் மனதில் செய்தியை முந்திக்கொண்டு காட்சி போய் உட்காரும். பிள்ளையே சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது படத்தால் தீர்க்கிற விஷயமல்ல. உடனே உட்கார்ந்து பேச வேண்டும், 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணை அழைக்கலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ மாணவி, திங்கட்கிழமை கணிதத் தேர்வு, இன்று புதன். இரவானால் அழுகை வருகிறது என்பதால் ஒரு படம் பார்க்கலாம் என்று வீட்டில் முடிவாகிறது. அப்பா சொல்வது ‘நண்பன்’. மேலே சொன்ன காட்சிகள் ஒருபுறம், நீளமே மூன்று மணி நேரத்துக்கு மேல். அது வேண்டாம். அம்மா சொல்வது ‘அம்மா கணக்கு’ (2016). கணக்கு வராத மகளுக்காக, வீட்டு வேலை செய்யும் தாய் அதே பத்தாம் வகுப்பில் மாணவியாகச் சேரும் கதை. பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் அம்மாவும் மகளும் மார்க்கை வைத்து ஏற்கெனவே சண்டை போடும் வீடு என்றால், பாதிப் படத்தில் “பாரு, அவங்க அம்மா எவ்வளவு கஷ்டப்படறாங்க” என்ற வசனம் சோபாவிலிருந்து வரும். அதோடு படம் போய் பாடம் வந்துவிடும். பெரியவர்கள் தேர்ந்தெடுக்கும் படங்களில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

மாணவி கேட்பது ‘காக்கா முட்டை’, அதுவும் ஏற்கெனவே பார்த்தது. பெரியவர்களுக்கு இது நேரவிரயமாகத் தோன்றலாம். உண்மையில் மூன்றில் இதுதான் சரி. மணிகண்டன் இயக்கிய இந்தப் படம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. பீட்சா சாப்பிட ஆசைப்பட்டுக் காசு சேர்க்கும் இரண்டு சென்னைச் சிறுவர்கள். விரட்டப்பட்டாலும் அவர்கள் குறும்பு குறைவதில்லை. பாட்டி இறந்துபோகும் பகுதி கனமானது, ஆனால் அது வருவது அவளுக்கு முன்பே தெரியும். மதிப்பெண் என்ற பேச்சே படத்தில் இல்லாததால் தன்னை வைத்து அளந்து பார்க்க எந்த அளவுகோலும் இல்லை.

பார்த்த படத்தையே மறுபடி பார்ப்பதில் இன்னொரு வசதி, எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது. நம் படங்களில் இடைவேளை என்பது பாதியில் நிறுத்துவதற்குத் தோதான இடம் போலத் தெரியும். அங்கேதான் இயக்குநர் பெரிய முடிச்சைப் போட்டு வைத்திருப்பார். புதுப் படத்தை அங்கே நிறுத்திவிட்டுத் தூங்கப் போனவர்கள் குறைவு. வெப் சீரிஸில் ஒவ்வொரு எபிசோடும் இப்படி முடிவதால், இந்த வாரத்துக்கு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. நாளெல்லாம் படித்தது நினைவில் படிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு; இரவு பன்னிரண்டு வரை ஓடும் படம் அன்றைய படிப்பிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போகும். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிவது போதும். தேர்வுக்கு முந்தைய இரவு முழுப்படம் வேண்டாம். மனம் அலைபாய்ந்தால் பிடித்த படத்தின் கடைசி இருபது நிமிடம், அல்லது ஒரு நகைச்சுவைக் காட்சி போதுமானது. நேர்காணலுக்குப் போகிறவர் ‘ட்வெல்த் ஃபெயி’லையும் இந்த வகையில் பயன்படுத்தலாம்: மாவு மில்லை விட்டுவிட்டு, மனோஜ் தன் பழைய தோல்வியை மறைக்காமல் குழுவின் முன் பேசும் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கலாம்.

படம் வேலை செய்ததா என்பது அன்றிரவே தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் ஆவேசமாகப் புது டைம்டேபிள் போட்டு, நாளையிலிருந்து பதினாறு மணி நேரம் படிப்பதாகச் சபதம் செய்தால் அது நல்ல அறிகுறி அல்ல. வெற்றியை இனிமையாகக் கற்பனை செய்வதே உடலின் முனைப்பைக் குறைத்துவிடுகிறது என்று கேப்ரியேல் எட்டிங்கனும் ஹெதர் காப்பஸும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது; ஜெயித்துவிட்டது போன்ற நிறைவு முன்கூட்டியே வந்துவிடுகிறது. பேசாமல் படுத்து, வழக்கமான நேரத்தில் தூங்கி, மறுநாள் காலை விட்ட கணக்கிலிருந்து தொடங்கினால் படம் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.