சில்லறைக் கணக்கு

கடைசி நிறுத்தத்தில் டவுன் பஸ் நிற்பது ஐந்து நிமிடம். கொதிக்கிற டீயை அதற்குள் குடிக்க முடியாது. அதனால் பஸ் திருப்பத்தில் தெரிந்ததுமே கண்டக்டரின் டீயை ஆற்றி, சர்க்கரை கம்மியாக எடுத்து வைத்துவிடுவார் கடைக்காரர்.

பதிலுக்கு வருவது சில்லறை. வெளியே வாங்கினால் கமிஷன் கேட்பார்கள். கண்டக்டருக்கோ ராத்திரி டிப்போவில் நாணயத்தை எண்ணிக் கட்டுவது பெரும்பாடு. ஆக, நாணயம் கடைக்குப் போகும், நோட்டு பைக்கு வரும்.

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானபோது, ஒரு டீக்கும் 500 ரூபாயை நீட்டினார்கள். கண்டக்டர் பத்து ரூபாய் நோட்டுகளைத் தனியே மடித்துக் கொண்டுவந்தார்.

“நோட்டு அப்புறம் குடுங்கண்ணே.”

டிப்போவில் வசூல் ஒரு ரூபாய் குறையக் கூடாது. தன் கைக்காசைப் போட்டுத்தான் அன்று கணக்கை முடித்தார். இதைக் கடைக்காரரிடம் சொல்லவில்லை.

2021 மே மாதம் தமிழகத்தின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. பை இளைத்தது. கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. சில்லறைக்குப் பழைய கிராக்கி இல்லை.

இப்போது கண்டக்டர் கொண்டுவருவது, டவுன் மருந்துக்கடையிலிருந்து கடைக்காரருக்கான சுகர் மாத்திரை. அதற்கான காசைக் கறாராக வாங்கிக்கொள்வார். டீக்கும் அப்படியே கொடுத்துவிடுவார்.