அவிழாத சுருக்குப்பை

குளத்தில் ஆடு குனிந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வாய் கீழே இருக்கிறது, வயிறு மேலே இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் வயிற்றுக்குத்தான் போகிறது. மேடேறிப் போகும் அந்தத் தண்ணீரை யார் தள்ளுகிறார்கள்?

உணவுக்குழாய்தான் தள்ளுகிறது. பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். அதன் சுவர் முழுக்கத் தசை. நீங்கள் ஒரு கவளத்தை விழுங்கியதும், கவளத்துக்குப் பின்னால் குழாய் சுருங்கும்; அந்தச் சுருக்கம் அப்படியே கீழே இறங்கிக்கொண்டு வரும். பாக்கெட் ஐஸை விரலால் பிதுக்கிப் பிதுக்கி வாய்க்குக் கொண்டுவருவீர்களே, அதேதான். இந்தத் தசை அலை சுமார் 10 நொடிக்குள் இரைப்பை வாசலை அடைந்துவிடும்.

அந்த வாசலில் ஒரு வளையத் தசை இருக்கிறது. பாட்டியின் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது அது இறுக்கியே இருக்கும். இல்லாவிட்டால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறி நெஞ்சைச் சுடும். நாம் விழுங்கும்போது மட்டும் குழாயின் சுவரிலுள்ள நரம்புகள் அதனிடம் 'விடு' என்று சொல்லும். அது தளரும், உணவு இறங்கும், மறுபடி இறுக்கிக்கொள்ளும்.

ஆக, விழுங்குவதில் இரண்டு வேலைகள்: குழாய் தள்ள வேண்டும், வாசல் தளர வேண்டும். எது கெட்டாலும் நோயாளி சொல்வது ஒன்றுதான்: "சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது." எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பரிசோதனை அறைக்கு ஒரே நாளில் இரண்டு பேர் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா. இன்னொருவர் ஐம்பது வயதுப் பெரியம்மா.

அக்காவுக்கு மதியச் சாப்பாடு முடிய ஒரு மணி நேரமாகிறது. சோறு மட்டுமல்ல, தண்ணீர்கூட நெஞ்சில் நின்றுவிடுகிறது. இராத்திரி படுத்தால், சாப்பிட்டது வாய்க்கு வந்து தலையணை நனைகிறது. அதில் ஒரு துப்பு உண்டு: வந்த உணவு புளிக்கவே இல்லை. அப்படியானால் அது இரைப்பைக்குள் போகவே இல்லை! பெரியம்மாவின் கதை வேறு. அவருக்குத் தோல் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா என்ற நோய் இருக்கிறது. குளிரில் விரல்கள் வெளுத்துவிடும். பல வருடங்களாக நெஞ்செரிச்சல். மேலே வருவதெல்லாம் புளிப்பு.

முதலில் மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்து, குழாயில் கட்டியோ தழும்போ அடைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். ஏனென்றால் வாசலுக்குப் பக்கத்தில் வளரும் கட்டியும் அக்காவின் நோயைப் போலவே வேஷம் போடும்.

அடுத்தது பேரியம் பரிசோதனை. உணவுக்குழாய் வெறும் சதை என்பதால் எக்ஸ்ரேயில் அதன் உள்வடிவம் தெரியாது. அதனால் சுண்ணாம்புக் கரைசல்போல வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் பேரியம் சல்பேட்டைக் குடிக்கச் சொல்வார்கள். எக்ஸ்ரே கதிர் அதைத் தாண்டாது. குழாய்க்குள் அது போகும் வழி திரையில் ஓடும் படமாகத் தெரியும். அது உடம்பில் கரையாது. ஓரிரு நாளில் மலத்தோடு வெள்ளையாக வெளியே வந்துவிடும்.

அக்கா நின்றபடி ஒரு தம்ளர் குடித்தார். பேரியம் இறங்கியது, வாசலுக்கு வந்தது, நின்றது. அகன்ற குழாயின் அடிமுனை மட்டும் கூம்பி, பறவையின் அலகுபோல் இருந்தது. 1 நிமிடம், 2 நிமிடம், 5 நிமிடம் என்று மூன்று படங்கள் எடுத்தார்கள். முதல் படத்தில் 16 செ.மீ. உயரத்துக்கு நின்ற வெள்ளைத் தூண், 5 நிமிடம் கழித்தும் 13 செ.மீ. இருந்தது.

பெரியம்மாவும் நின்றபடி குடித்தார். பேரியம் சரசரவென்று வழுக்கி இரைப்பைக்குள் விழுந்தது! "நன்றாகத்தானே இருக்கிறது?" என்றால், கொஞ்சம் பொறுங்கள். அவரைப் படுக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். இப்போது பேரியம் பாதி வழியில் அசையாமல் கிடந்தது. ஏற்கெனவே இரைப்பைக்குள் போயிருந்ததும் திரும்பி மேலே வந்தது. நிற்கும்போது அதை இறக்கியது குழாய் அல்ல, புவியீர்ப்பு. ஆடு மாதிரி குனிந்து குடித்தால் பெரியம்மாவுக்குத் தண்ணீர் மேடேறாது.

படம் வடிவத்தைக் காட்டுகிறது. தசை எவ்வளவு அழுத்துகிறது என்று சொல்வதில்லை. நோயின் தொடக்கத்தில் பேரியம் படம் சாதாரணமாகவே தெரிவதும் உண்டு. அதற்குத்தான் மனோமெட்ரி. மூக்குக்குள் மரத்துப்போகும் ஜெல்லியைத் தடவி, மெல்லிய குழாய் ஒன்றை இரைப்பை வரை இறக்குவார்கள். அதில் 1 செ.மீ.க்கு ஒன்றாக 36 அழுத்தமானிகள். படுத்தபடி 5 மி.லி. தண்ணீரைப் பத்துத் தடவை விழுங்க வேண்டும். குழாய் இறங்கும்போது குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் மயக்க மருந்து கொடுப்பதில்லை. விழுங்க ஆள் விழித்திருக்க வேண்டுமே!

திரையில் அழுத்தம் நிறமாகத் தெரியும்: குறைந்தால் நீலம், கூடினால் சிவப்பு. உங்களுக்கும் எனக்கும் எடுத்தால், தொண்டையிலிருந்து சாய்வாக இறங்கும் ஒரு பட்டை தெரியும். அதுதான் அந்த அலை. அடியில் வாசலின் நிறம், விழுங்கும் நேரத்தில் நீலத்துக்கு மாறும்.

அக்காவின் படத்தில் சாய்ந்த பட்டையே இல்லை. விழுங்கியதும் குழாய் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே நிறம். மூடிய தண்ணீர்ப் பாக்கெட்டை அமுக்கினால் எல்லாப் பக்கமும் ஒரேபோல அழுத்துமே, அப்படி. வாசலின் நிறமும் மாறவில்லை. தளர்ந்த நேரத்தில் வாசலின் அழுத்தம் பொதுவாக 15 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்க வேண்டும், அக்காவுக்கு 28. இதுதான் அகலேசியா. வளையத் தசைக்கு வெறி ஒன்றும் பிடிக்கவில்லை. 'விடு' என்று சொல்லும் நரம்புச் செல்கள் அழிந்துவிட்டன. சொல்ல ஆளில்லாததால் சுருக்குப்பை அவிழவில்லை.

பெரியம்மாவின் படத்தில் மேல்பகுதியில் மட்டும் சின்னப் பட்டை. அங்கே இருப்பது வேறு வகைத் தசை. நோய் அதைத் தொடவில்லை. அதற்குக் கீழே எல்லாம் நீலம். வாசலும் வெளிறிக் கிடந்தது, அழுத்தம் 4 தான். தள்ள ஆளில்லை, மூடவும் ஆளில்லை.

1674இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், அக்காவைப் போன்ற ஒருவரைப் பற்றி எழுதினார். திமிங்கிலத்திலிருந்து எடுத்த வளையும் குச்சியின் நுனியில் கடற்பஞ்சு கட்டி, சாப்பிட்டதும் அதைத் தொண்டைக்குள் விட்டு உணவை இரைப்பைக்குள் தள்ளச் சொன்னாராம். அந்த மனிதர் பல ஆண்டுகள் அப்படியே சாப்பிட்டார். இன்று அக்காவின் வாசலை பலூனால் விரிக்கலாம், அல்லது வாய் வழியே எண்டோஸ்கோப்பியை விட்டு உள்ளிருந்தே அந்த வளையத் தசையை வெட்டிவிடலாம். பெரியம்மாவுக்கு அதைச் செய்தால் கேடுதான் வரும். ஏற்கெனவே திறந்து கிடக்கும் கதவை இன்னும் உடைத்தது போலாகும். அவருக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைதான் வேண்டும்.

தசையை வெட்டியதும் அக்காவின் வாசல் திறந்துவிட்டது. ஆனால் செத்த நரம்பு திரும்பாது, அலையும் பெரும்பாலும் திரும்பாது. இனி அவருக்கும் உணவை இறக்குவது புவியீர்ப்புதான். வெட்டிய வாசல் வழியே அவ்வப்போது அமிலமும் ஏறலாம். அதனால் மருத்துவர் இருவரிடமும் ஒரே வார்த்தை சொன்னார்: "நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள்."